குற்றம் மைக்கில் இல்லை

வீட்டில் உட்கார்ந்து குரல் பதிவு செய்யத் தொடங்குகிற எவருக்கும் முதல் வாரத்திலேயே மூன்று அறிவுரைகள் வந்து சேரும். உன் மைக் மட்டமானது, நல்ல கண்டென்சர் மைக் ஒன்று வாங்கு. சுவரெல்லாம் ஃபோம் ஒட்டு, அதற்குக் காசில்லையென்றால் முட்டை அட்டை ஒட்டு. அதற்கு மேலும் இரைச்சல் இருந்தால் மென்பொருளில் துடைத்துக்கொள்ளலாம். கடைக்காரர் சொல்வது இதுதான், ஏற்கெனவே பதிவு செய்து பழகியவர்கள் சொல்வதும் பெரும்பாலும் இதுதான். இந்த அறிவுரையை நம்பிப் பதினைந்தாயிரம், இருபதாயிரம் செலவழித்தவர்களின் பதிவுகளை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். பழைய மைக்கில் இருந்த அதே எதிரொலி, அதே ஃபேன் சத்தம் புதிய மைக்கிலும் இருக்கிறது. சில வேளைகளில் இன்னும் துல்லியமாக இருக்கிறது.

மூன்று அறிவுரைகளும் தவறு என்பதே என் கட்சி. பணம் போவது மட்டுமில்லை, பிரச்சினை இருக்கும் இடத்திலிருந்து அவை நம் கவனத்தையே திருப்பிவிடுகின்றன. பதிவின் தூய்மையைத் தீர்மானிப்பவற்றை வரிசைப்படுத்தினால் வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் முதலில் வரும். அறை இரண்டாவது. பதிவு செய்யும் நேரம் மூன்றாவது. மைக்கின் விலை இவற்றுக்கெல்லாம் பின்னால்தான். நான் பேசுவது கதை வாசிப்பு, பாடம், உரையாடல் போன்ற பேச்சுக் குரலைப் பற்றி. சிமெண்ட் சுவரும் டைல்ஸ் தரையும் உள்ள நம் ஊர் அறைகளைப் பற்றி.

மைக்கிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதில்தான் மூடநம்பிக்கை அதிகம். எந்த மைக்கும் தானாகவே கொஞ்சம் இரைச்சலை உண்டாக்கும். முழு அமைதியில் வைத்தாலும் அதன் மின்சுற்றிலிருந்து மெல்லிய 'ஸ்ஸ்' வரும். இதைச் சுய இரைச்சல் என்பார்கள். விலை உயர்ந்த மைக்கின் பெருமைகளில் முக்கியமானது இந்த எண் குறைவாக இருப்பது. ரோட் என்டி1 மைக்கில் இது சுமார் 4 டெசிபல். உலகத்தின் மிக அமைதியான மைக்குகளில் அது ஒன்று. ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு காலர் மைக்கில் இது 20 டெசிபல் அளவில் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். பதினாறு டெசிபல் வித்தியாசம் பெரியதுதான். ஆனால் இந்த இரண்டு மைக்குகளும் எங்கே வைக்கப்படுகின்றன? ஒரு நகரத்து வீட்டின் அறை, ஃபேனை நிறுத்தி ஜன்னலைச் சாத்திய பிறகும், 35 டெசிபலுக்குக் கீழே போனால் அதிர்ஷ்டம். ஒலியளவுகளைக் கூட்டும் முறைப்படி 35-உம் 20-உம் சேர்ந்தால் 35.1 வரும். 35-உம் 4-உம் சேர்ந்தால் 35.0. இருபது மடங்கு பணம் கொடுத்தவருக்கு அந்த அறையில் கிடைத்த அமைதி ஒரு டெசிபலில் பத்தில் ஒரு பங்கு. அந்த வித்தியாசத்தை எந்தக் காதாலும் பிடிக்க முடியாது.

அப்படியானால் மலிவு மைக்கில் பதிவு செய்தால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல ஏன் கேட்கிறது? அது மைக்கின் குரலே இல்லை, அறையின் குரல். நாம் பேசும் ஒலி மைக்கை இரண்டு வழிகளில் அடைகிறது. ஒன்று, வாயிலிருந்து நேராக. மற்றொன்று, சுவர், தரை, கூரை, பீரோவின் இரும்புக் கதவு என்று எல்லாவற்றிலும் மோதித் திரும்பித் திரும்பி. நேர் ஒலி தூரத்தைப் பொறுத்தது. தூரம் பாதியானால் அது 6 டெசிபல் கூடும், நான்கில் ஒரு பங்கானால் 12 டெசிபல் கூடும். மோதி வரும் ஒலியோ அறையெங்கும் ஏறத்தாழ ஒரே அளவில் நிறைந்து கிடக்கிறது. மைக்கை எங்கே நகர்த்தினாலும் அது பெரிதாக மாறாது. ஆகவே மேசை மேல் இரண்டடி தூரத்தில் நிற்கும் மைக்கை ஆறு அங்குலத்துக்குக் கொண்டுவந்தால், அறையின் முழக்கத்தைவிடக் குரல் 12 டெசிபல் முன்னே வந்துவிடுகிறது. இதற்கு ஒரு பைசா செலவில்லை. ஒப்பிட்டுப் பாருங்கள்: அறையில் ஒலியை உறிஞ்சும் பொருள்களை இரட்டிப்பாக்கினால் முழக்கம் குறைவது 3 டெசிபல்தான். கையை நீட்டி மைக்கை இழுத்து வைப்பது அறை முழுவதும் பஞ்சு மெத்தையால் அடைப்பதைவிட அதிகம் வேலை செய்கிறது. இதைச் சொல்லாமல் மைக் மாற்றச் சொல்கிறவரின் அறிவுரையை நான் மதிக்க மாட்டேன்.

இங்கே ஒரு துணை நம்பிக்கையையும் உடைத்தாக வேண்டும். "கண்டென்சர் எல்லாச் சத்தத்தையும் இழுக்கும், டைனமிக் உன் குரலை மட்டும் எடுக்கும்" என்று விவரம் தெரிந்தவர்களே சொல்கிறார்கள். மைக்கின் சவ்வுக்கு எது உங்கள் குரல், எது பக்கத்து வீட்டு மிக்ஸி என்று தெரியாது. வந்து மோதும் காற்றழுத்தம் மட்டுமே அதற்குத் தெரியும். ஒரே திசைப் பாங்குள்ள கண்டென்சரையும் டைனமிக்கையும் ஒரே தூரத்தில் வைத்து, குரலின் அளவைச் சமமாக்கிக் கேட்டால், பின்னணியும் ஏறத்தாழச் சமமாகவே இருக்கும். இந்தக் கதை பிறந்த காரணம் வேறு. டைனமிக் மைக்கின் மின்னளவு மிகக் குறைவு, அதனால் அதை வாயருகே வைத்தே பேச வேண்டியிருக்கிறது. கண்டென்சர் தூரத்திலிருந்தாலும் அளவு காட்டும், அதனால் ஆள் தள்ளி உட்கார்ந்துகொள்கிறார். வித்தியாசத்தை உண்டாக்கியது தூரம், பேர் வாங்கியது மைக். இந்தக் கதையை நம்பி டைனமிக் வாங்கியவர், அதை மலிவான ஆடியோ இன்டர்ஃபேஸில் செருகி, ஒலி போதாமல் கெயின் குமிழை முழுக்கத் திருப்பி, அந்த இன்டர்ஃபேஸின் இரைச்சலைப் புதிதாகச் சம்பாதித்துக்கொள்வதும் உண்டு.

இனி அறை. கட்டட ஒலியியல் என்ற துறை பிறந்த கதையைப் பார்த்தாலே ஃபோம் வியாபாரத்தின் மீதுள்ள மயக்கம் போய்விடும். 1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஃபாக் கலைக்கூடத்தின் விரிவுரை மண்டபத்தில் பேச்சே புரியவில்லை என்று, அதைச் சரிசெய்யும் பொறுப்பு வாலஸ் கிளமெண்ட் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் வந்தது. ஓர் ஆர்கன் குழலை ஒலிக்கவிட்டு நிறுத்தினால் ஒலி காதுக்கு மறைய ஐந்தரை விநாடி ஆனது. அவர் கையில் இருந்த கருவிகள் அந்தக் குழல், ஒரு நிறுத்தக் கடிகாரம், அப்புறம் அருகிலிருந்த சாண்டர்ஸ் அரங்கத்தின் இருக்கை மெத்தைகள். தெருச் சத்தம் அடங்கிய இரவுகளில் மெத்தைகளைத் தூக்கிவந்து அடுக்கி, அடுக்க அடுக்க அளந்து, விடிவதற்குள் திரும்பக் கொண்டுபோய் வைத்தார். மெத்தைகள் நிறைந்தபோது முழக்கம் ஏறத்தாழ ஒரு விநாடிக்கு இறங்கியது. இன்றைக்கும் உலகெங்கும் பயன்படும் சபைனின் வாய்ப்பாடு அந்த மெத்தைகளிலிருந்து வந்தது. மெத்தையால் அறையைத் திருத்துவது ஏழையின் தந்திரம் என்று நினைப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

அந்த வாய்ப்பாட்டை நம் வீட்டு அறை ஒன்றில் போட்டுப் பார்ப்போம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, உயரம் பத்தடி. கொள்ளளவு 1200 கன அடி. நான்கு சுவர், தரை, கூரை எல்லாம் சேர்ந்து 680 சதுர அடி. அடியில் கணக்கிட்டால் முழக்க நேரம் என்பது கொள்ளளவை 0.049-ஆல் பெருக்கி, அறையின் மொத்த உறிஞ்சலால் வகுத்தால் வருவது. உறிஞ்சலை அளக்கச் சபைன் எடுத்துக்கொண்ட அலகு திறந்த ஜன்னல்: ஒரு சதுர அடி திறந்த ஜன்னல் வழியே போன ஒலி திரும்புவதில்லை, ஆகவே அது ஓர் அலகு. பூச்சுப் பூசிய சிமெண்டும் டைல்ஸும் தம் மேல் விழும் ஒலியில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கையே விழுங்குகின்றன. வெற்று அறையின் 680 சதுர அடியும் சேர்ந்து இருபது அலகுதான். கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட மூன்று விநாடி முழக்கம். புது வீட்டுக்குக் குடிபோகும் நாளில் பேச்சு அப்படித்தான் அதிரும். கட்டில் மெத்தை, மரக்கதவு, திரை, கொடியில் தொங்கும் துணி, ஓர் ஆள் எல்லாம் வந்த பிறகு உறிஞ்சல் அறுபது அலகுக்கு ஏறும், முழக்கம் ஒரு விநாடிக்கு இறங்கும். வாழ்வதற்கு அது போதும். பதிவுக்குப் போதாது.

ஏன் போதாது என்பதற்குத் தமிழ்ப் பேச்சிலேயே காரணம் இருக்கிறது. 'படம்', 'பட்டம்' இரண்டையும் காது பிரித்தறிவது ட் என்ற ஒற்றில் நாக்கு காற்றை அடைத்து நிற்கும் சிறு மௌனத்தால். அந்த மௌனம் பத்தில் ஒரு விநாடிக்குச் சற்று மேல். ஒரு விநாடி முழக்கம் என்றால் அறையின் ஒலி ஒரு விநாடியில் 60 டெசிபல் தணிகிறது என்று பொருள். பத்தில் ஒரு விநாடியில் 6 டெசிபல்தான் தணியும். முன்னே சொன்ன உயிரெழுத்தின் வால் அந்த இடைவெளிக்குள் வந்து நிறைந்துவிடுகிறது. ஒற்று மழுங்குகிறது. வரிக்கு வரி இரட்டை ஒற்றுகள் வரும் மொழி நம்முடையது. முழக்கத்தை அரை விநாடிக்குக் கொண்டுவந்தால் அதே இடைவெளியில் 12 டெசிபல் தணிந்து ஒற்று பிழைத்துக்கொள்கிறது. கூடவே வாய்க்கு அருகில் மைக் இருந்தால், முழக்கம் குரலுக்கு அடியில் வெகு தூரத்தில் போய்விடும்.

அரை விநாடிக்கு இன்னும் அறுபது அலகு உறிஞ்சல் வேண்டும். இங்கேதான் ஃபோம்காரர் வருகிறார். இணையக் கடைகளில் ஒரு அங்குலக் கனத்தில் விற்கும், கூர்முனை வைத்த கறுப்பு ஃபோம் சதுரங்களைக் காட்டுகிறார். ஒலியைப் பஞ்சோ ஃபோமோ நன்றாக விழுங்க வேண்டுமென்றால் அதன் கனம் அந்த ஒலியின் அலைநீளத்தில் ஏறத்தாழ கால் பங்காவது இருப்பது நல்லது. 3400 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் பத்து செ.மீ., கால் பங்கு இரண்டரை செ.மீ. அதாவது ஒரு அங்குலம். ஆகவே சுவரோடு ஒட்டிய ஒரு அங்குல ஃபோம் 'ஸ', 'ச' போன்ற கீச்சொலிகளை விழுங்கும். குரலின் உடம்பு இருக்கும் 150 முதல் 600 ஹெர்ட்ஸ் வரை அது இருந்தும் இல்லாததுதான். விளைவு என்னவென்றால், உச்சப் பகுதி மட்டும் அடைபட்டு, கீழ்ப்பகுதி முன்போலவே முழங்குகிறது. ஃபோம் ஒட்டிய அறையில் பதிவான குரல் மூக்கடைத்தது போலவும் அதே நேரம் எதிரொலியோடும் கேட்பதன் காரணம் இது. முட்டை அட்டை இதைவிட மோசம். அதன் மேடுபள்ளம் எவ்வளவு இருந்தாலும் பொருள் என்னவோ மெல்லிய காகிதக்கூழ்; விழுங்குவதற்கு அதில் ஒன்றுமில்லை. தூசி பிடிக்கும், பூச்சி வரும், தீப்பற்றும்.

தீ என்பதை ஒரு சொல்லோடு விட்டுவிட மனம் வரவில்லை. 2003 பிப்ரவரியில் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் 'தி ஸ்டேஷன்' என்ற இரவு விடுதியில், மேடையைச் சுற்றி ஒலிக்காக ஒட்டியிருந்த சாதாரண பாலியூரித்தேன் ஃபோமில் மத்தாப்புப் பொறி பட்டுப் பரவிய தீயில் 100 பேர் இறந்தார்கள். தீத்தடுப்புச் சான்று இல்லாத ஃபோமைச் சுவர் முழுக்க ஒட்டி, அந்த அறையிலேயே எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் சார்ஜரும் வைத்து உட்காருவது விளையாட்டில்லை.

ஃபோம் ஒட்டினால் வெளிச்சத்தம் வராது என்பது இதனோடு சேர்ந்தே வரும் பொய். உள்ளே பிறந்த ஒலி திரும்பாமல் பார்ப்பது ஒரு வேலை, வெளியே பிறந்த ஒலி உள்ளே வராமல் தடுப்பது வேறு வேலை. இரண்டாவதற்குக் கனமான சுவரும் இடுக்கில்லாத கதவும் வேண்டும். ஃபோமில் கனமே இல்லை. ஆட்டோ ஹாரன் அதற்குள் புகுந்து வரும். வெளிச்சத்தத்துக்கு வாடகை வீட்டில் இருக்கும் ஒரே மருந்து நேரம்: நம் தெரு எப்போது அடங்குகிறது என்று தெரிந்துகொண்டு அப்போது பதிவு செய்வது. மார்கழியில் விடிகாலையை நம்பக் கூடாது, கோயில் ஒலிபெருக்கி முந்திக்கொள்ளும்.

இவற்றையெல்லாம் மதுரையில் ஓர் அறையில் முறையாகச் செய்து பார்த்தோம். ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர், பேரப்பிள்ளைகளுக்கென்று தொடங்கிய கதை வாசிப்பை வெளியிடும் அளவுக்குச் செய்ய விரும்பினார். கையில் இருந்தது ஃபோனில் செருகும் ஒரு காலர் மைக். "சார், கடையில இந்த மைக்கைத் தூக்கிப் போடச் சொல்றாங்க. பதினெட்டாயிரம் ஆகுமாம்" என்றார். "டீச்சர், ஒரு ராத்திரி பொறுங்க. அதுக்கப்புறம் வேணும்னா வாங்கலாம்" என்றேன்.

அளவுகோல் ஒன்று வேண்டுமே. அமேசானின் ஏசிஎக்ஸ், ஒலிப் புத்தகங்களுக்கு விதித்திருக்கும் நிபந்தனையை எடுத்துக்கொண்டோம்: குரலின் சராசரி அளவு −23 முதல் −18 டெசிபலுக்குள், உச்சம் −3-ஐத் தாண்டாமல், பேச்சில்லாத இடத்தின் இரைச்சல் −60-க்குக் கீழே. ஒவ்வொரு முறையும் ஒரே பத்தியைப் படித்து, முன்னால் பத்து விநாடி மௌனம் விட்டு, ஆடாசிட்டி மென்பொருளில் குரலை −20-க்குச் சமமாக்கிக்கொண்டு மௌனத்தை அளந்தோம். இப்படிச் சமமாக்காமல் இரண்டு பதிவுகளை ஒப்பிடுவது வீண். சத்தமாக இருப்பதே நல்லதாகக் காதுக்குப் படும்.

முதல் பதிவு அவர் வழக்கமாகச் செய்வது. மைக் மேசை மேல், இரண்டடி தூரத்தில், தலைக்கு மேல் ஃபேன். மௌனம் −38. ஃபேனை நிறுத்தினோம், −46. பிறகு மைக்கை ஒரு மர அளவுகோலின் நுனியில் கவ்வி, அளவுகோலை மேசை விளக்கின் தண்டில் கட்டி, வாயின் இடது ஓரத்துக்கு நேராக ஆறு அங்குலத்தில் நிறுத்தினோம். வாய்க்கு நேர் முன்னால் வைத்தால் 'ப' சொல்லும் காற்று மைக்கில் அடிக்கும். சேலையில் குத்தினால் துணி உரசும், தாடைக்கு அடியில் ஒலியின் கூர்மையும் குறையும். மௌனம் −54-க்கு இறங்கியது. கணக்குப்படி 12 டெசிபல் கிடைக்க வேண்டிய இடத்தில் 8 ஏன் என்று டீச்சரே கேட்டார். இரண்டடித் தூரத்தில் மைக் பிடித்த 'குரல்' பெரும்பகுதி அறையின் முழக்கம். அருகே வந்ததும் அந்தப் பங்கு கழன்று, நேர்க்குரல் மட்டும் ஏறியது. எண்ணில் 8 என்றாலும் காதில் அதைவிடப் பெரிய மாற்றம் தெரிந்தது. அதே மைக்தான்.

அதன்பின் அறை. வீட்டில் ஆறுக்கு மூன்று அடி இலவம்பஞ்சு மெத்தைகள் இரண்டு இருந்தன. அறையின் மூலையில், சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி, இரண்டையும் ஒன்றோடொன்று சாய்வாக நிற்க வைத்தோம். பஞ்சு மெத்தை தானாக நிற்காது. நாற்காலிகளின் முதுகில் சார்த்திக் கயிற்றால் கட்டினோம். சுவரிலிருந்து தள்ளி நிறுத்துவதில் விஷயம் இருக்கிறது. மெத்தையின் முதுகும் ஒலியை விழுங்கும், பின்னாலுள்ள இடைவெளி கனத்தைக் கூட்டியது போல வேலை செய்து கீழ் ஒலிகளையும் பிடிக்கும். இரு முகமும் சேர்த்து இரண்டு மெத்தைகளும் ஐம்பது அலகுக்குப் பக்கம் தரும். டீச்சர் அந்த மூலையைப் பார்த்து உட்கார்ந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு கொடியில் இரட்டையாக மடித்த கம்பளியைத் தளர்வாகத் தொங்கவிட்டோம். மேசை மேல் ஒரு கனத்த துண்டு, ஏனென்றால் மேசைப் பலகையில் பட்டுத் தெறிக்கும் ஒலி நேர் ஒலிக்கு ஒரு கணம் பின்னால் வந்து குரலை டப்பாத்தனமாக்கும். கை தட்டினால் முன்பு இரண்டு சுவர்களுக்கிடையே 'டிர்ர்' என்று ஓடிய உலோகச் சத்தம் நின்றிருந்தது. மௌனம் −57. பதிவைக் கேட்டபோது ஒற்றுகள் தனித்தனியே நின்றன.

மிச்ச மூன்று டெசிபலுக்காக மைக்கைச் சந்தேகிக்கும் கட்டம் இதுதான். நாங்கள் ஃபோனைப் பார்த்தோம். பதிவுச் செயலி ஒலியளவைத் தானாகக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்தது. டீச்சர் நிறுத்திய ஒவ்வொரு இடத்திலும் இரைச்சல் மெல்ல எழும்பி வருவதிலிருந்து அது தெரியும். அந்த வசதியை அணைக்க முடிகிற, WAV கோப்பாகச் சேமிக்கும் செயலிக்கு மாறினோம். ஃபோனை விமான நிலையில் வைத்தோம், சார்ஜரைப் பிடுங்கினோம். ஆடாசிட்டியின் அலைவரிசைப் படத்தில் 50, 100, 150 ஹெர்ட்ஸில் ஊசி ஊசியாக நின்றிருந்த கோடுகள் மறைந்தன. அது மின்சாரத்தின் முனகல், அதற்கும் மைக்குக்கும் சம்பந்தமில்லை. இரவு பதினொன்றரைக்கு, கூடத்துக் குளிர்சாதனப் பெட்டி ஓய்ந்திருந்த வேளையில் எடுத்த கடைசிப் பதிவில் மௌனம் −63. ஒலிப் புத்தக நிபந்தனை நிறைவேறிவிட்டது. வாங்கிய பொருள் கயிறு மட்டும்.

வேறு வகை மைக் வைத்திருப்பவர் மெத்தையை இதே இடத்தில் வைக்கக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். காலர் மைக் எல்லாத் திசையிலிருந்தும் சமமாகக் கேட்கும். ஆகவே வாய் பார்க்கும் பக்கத்தில் மெத்தை நின்று, குரல் சுவரைச் சேருமுன் விழுங்கியது. முன்பக்கம் மட்டும் கேட்கும் கார்டியாய்டு மைக்குக்கோ முதுகுப்பக்கம் காது மந்தம். அது பார்ப்பது உங்களையும் உங்களுக்குப் பின்னால் இருக்கும் சுவரையும். அதற்கு மெத்தை வேண்டிய இடம் உங்கள் முதுகுக்குப் பின்னால். மைக்கின் பின்னால் அரைவட்டமாக மாட்டும் ஃபோம் கவசத்தை இரண்டாயிரம், மூன்றாயிரம் கொடுத்து வாங்குகிறார்கள். மைக் ஏற்கெனவே கேட்காத திசையை அது மூடுகிறது. முதுகுப்பக்கம் ஒரு கம்பளியைத் தொங்கவிட்டால் அதைவிடப் பலன் அதிகம்.

மென்பொருளில் துடைத்துக்கொள்ளலாம் என்ற மூன்றாவது அறிவுரைக்கு அதிக இடம் தர விரும்பவில்லை. இரைச்சல் குறைப்பு, மாறாமல் ஓடும் சத்தத்தின் மாதிரியைப் படித்து அதைக் கழிக்கிறது. ஃபேன், ஏசி போன்றவற்றில் ஆறு டெசிபல் வரை கழித்தால் குரல் தாங்கும். இருபது கழித்தால் சொல்லின் விளிம்பெல்லாம் தண்ணீருக்குள் குமிழியிடுவது மாதிரி ஆகிவிடும். எதிரொலியை அதனால் கழிக்கவே முடியாது, ஏனென்றால் எதிரொலி குரலாலேயே ஆனது, குரலோடு மாறிக்கொண்டே இருப்பது. டீச்சரின் பதிவில் நாங்கள் செய்த ஒரே துடைப்பு, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள தெரு உறுமலை வெட்டியது. பெண் குரலின் அடிச்சுருதி அதற்கு வெகு மேலே இருப்பதால் எதுவும் இழக்கவில்லை.

எதிர்க்கட்சிக்கு நியாயமே இல்லையா? இருக்கிறது. நன்றாகத் திருத்திய, 20 டெசிபல் அளவுக்கு அமைதியான கூடத்தில், வீணையை நான்கடி தூரத்திலிருந்து எடுக்கிறவருக்கு மைக்கின் சுய இரைச்சல் முதல் பிரச்சினையாக வந்து நிற்கும். உச்ச ஒலிகளைக் கரகரப்பாக்கும் மட்டமான மைக்குகள் உண்டு. பெட்டியில் எழுதியதில் பாதிகூட இல்லாத போலிகளும் உண்டு. மெத்தை முறைக்கும் எல்லை இருக்கிறது. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் கால் அலைநீளம் கிட்டத்தட்ட மூன்றடி என்பதால், சின்ன அறையில் ஆண் குரலின் அடிப்பகுதி வீங்குவதை அது முழுக்கத் தீர்க்காது. நாற்காலியை ஓரடி நகர்த்திப் பார்ப்பதே அங்கே வழி. மே மாதத்தில் ஃபேன் இல்லாமல் மெத்தைகளுக்கு நடுவே இருபது நிமிடத்துக்கு மேல் எவரும் உட்கார முடியாது. துண்டு துண்டாகத்தான் பதிவு செய்ய வேண்டியிருக்கும். இவை அத்தனையையும் ஒப்புக்கொண்ட பிறகும், தன் அறையையும் தூரத்தையும் திருத்தாதவருக்கு மைக் விற்பது தவறான வியாபாரம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆகவே மைக் வாங்கப் பணம் எடுத்து வைத்திருப்பவரிடம் ஒன்று கேட்கிறேன். தெரு அடங்கிய பிறகு, ஃபேனை நிறுத்தி, இப்போதிருக்கும் மைக்கையே வாயோரம் ஆறு அங்குலத்தில் வைத்து, வீட்டு மெத்தைகளை நிறுத்தி, ஒரு பத்தி படித்துப் பதிவு செய்யுங்கள். அளவைச் சமமாக்கி, பழைய பதிவோடு ஹெட்ஃபோனில் கேளுங்கள். அதிலும் குறை தெரிந்தால், அந்தக் குறை என்னவென்று பெயர் சொல்ல முடிந்தால், அதன்பின் கடைக்குப் போங்கள்.